பணம் இருந்தும் திரும்பிய காசோலை: பாசிட்டிவ் பே எங்கே தவறியது?

"ஐயா, எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். மூன்று மா நஞ்சை வாங்குகிறேன்; மா ஒன்றுக்கு 3,20,000 ரூபாய். அச்சாரம் 50,000 ரூபாயை முன்பே காசோலையாகக் கொடுத்துவிட்டேன்; அது எதையும் பதியாமலே ஏறிவிட்டது. மீதி 9,10,000 ரூபாய்க்கு 5-ஆம் தேதி வியாழக்கிழமை, அன்றைய தேதியிட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தேன். பெயரைத் தமிழில் எழுதினேன். பணம் கணக்கில் ஏறினால்தான் பத்திரம் என்று விற்கிற அம்மா சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை காலையிலேயே தன்னுடைய வங்கியில் போட்டுவிட்டார். அவருடைய வங்கி வேறு, என்னுடையது வேறு. அன்று இரவு 9 மணிக்குச் செயலியில் பாசிட்டிவ் பே பதிந்தேன். தேதி 6, தொகை, எண், பெயர் எல்லாம் கொடுத்தேன். பதிவு ஆகிவிட்டது என்று குறுஞ்செய்தியும் வந்தது. சனிக்கிழமை பார்த்தால் காசோலை திரும்பிவிட்டது என்கிறார்கள். சம்பா நெல் விற்ற பணம் கணக்கில் அப்படியே இருக்கிறது. புதன்கிழமை பத்திரப்பதிவு. அதே காசோலையை மறுபடியும் போடச் சொல்லலாமா?"

போடச் சொல்லாதீர்கள். இப்போது இருக்கிற நிலையில் போட்டால் இரண்டாம் முறையும் திரும்ப வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே இரண்டு தவறுகள் தெரிகின்றன. ஒன்று வெள்ளிக்கிழமை உங்கள் காசோலையைத் திருப்பி அனுப்பியது. மற்றொன்று இன்னும் வேலையைக் காட்டவில்லை, திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறது.

பாசிட்டிவ் பே என்பது, காசோலை எழுதியவரே அதன் தேதி, தொகை, எண், பெயரைத் தன் வங்கிக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கும் ஏற்பாடு. முதல் தவறு நேரம். பதிவு செய்தீர்கள், ஆனால் காசோலை திரும்பிய பிறகு செய்தீர்கள். இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில், வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்க்கும் கிளியரிங் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "இன்றைக்குக் கொடுத்த காசோலை, நாளைக்குத்தானே போகும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம்" என்கிற பழக்கம் நம் வியாபாரிகளிடமும் விவசாயிகளிடமும் ஊறிப்போனது. முன்பு அது பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. காலையில் போட்ட காசோலைகளைக் கிளையில் சேர்த்துவைத்து, கட்டாக ஒரு நேரத்தில் அனுப்புவார்கள். பணம் தரவேண்டிய வங்கி மறுநாள்தான் சரி அல்லது இல்லை என்று சொல்லும். நடுவில் ஓர் இரவு கையில் இருந்தது.

2025 அக்டோபர் 4 முதல் அந்த இரவு இல்லை. ரிசர்வ் வங்கி கிளியரிங்கைத் தொடர் ஓட்டமாக மாற்றிவிட்டது. பகல் நேரத்தில் கவுன்டரில் வாங்கிய காசோலையைக் கிளை ஸ்கேன் செய்து உடனுக்குடன் அனுப்பவேண்டும். உங்கள் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஒவ்வொரு காசோலைக்கும் பதில் சொல்லவேண்டும். 7 மணிவரை வாய் திறக்காவிட்டால், அந்தக் காசோலையை அது ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு, பணம் போய்விடும். இதை வங்கியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒன்பது லட்சம் ரூபாய்க் காசோலை திரையில் நிற்கிறது. வாடிக்கையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 7 மணிக்குப் பிறகு மௌனம் சம்மதம் ஆகிவிடும். அந்த நாற்காலியில் இருக்கிறவர் என்ன செய்வார்? வாடிக்கையாளரின் உறுதிப்பாடு வரவில்லை என்று காரணம் போட்டு 7 மணிக்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் செயலியைத் திறந்தது இரவு 9 மணிக்கு.

பிறகு ஏன் பதிவை ஏற்றுக்கொண்டது, செய்தியும் அனுப்பியது என்று கேட்பீர்கள். திரும்பிய காசோலை என்பது பணம் கொடுக்கப்படாத காசோலைதான். அது மூன்று மாதம் உயிரோடு இருக்கிறது, மறுபடி போடலாம். ஆகவே பதிவை மறுக்கச் செயலிக்குக் காரணம் இல்லை. அந்தக் குறுஞ்செய்தி சொல்வது "விவரம் வந்து சேர்ந்தது" என்பதை மட்டும்தான். காசோலை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றோ, தாளில் இருப்பதும் நீங்கள் பதிந்ததும் ஒன்றுதான் என்றோ அது சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் உங்கள் வங்கி தாளைப் பார்த்து ஒப்பிட்டிருக்கவும் இல்லை.

இனி இரண்டாவது தவறு. காசோலையில் நீங்கள் எழுதிய தேதி 5. செயலியில் கொடுத்த தேதி 6. எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சில செயலிகளில் தேதிப் பெட்டியைத் தொட்டவுடன் அன்றைய தேதியே முன்னால் வந்து நிற்கும். அவசரத்தில் அப்படியே விட்டுவிடுவோம். அல்லது அது கேட்பது பதிவு செய்யும் தேதி என்று நினைத்திருப்பீர்கள். அது கேட்பது தாளில் எழுதியிருக்கும் தேதி. ஒருநாள் வித்தியாசம்தானே என்று மனிதர் நினைக்கலாம். ஒப்பிடுகிற இயந்திரத்துக்கு 5 வேறு, 6 வேறு. அதே காசோலையைத் திங்கட்கிழமை போட்டால் இந்த முறை 'விவரம் பொருந்தவில்லை' என்ற அடையாளத்தோடு உங்கள் வங்கிக்குப் போய் நிற்கும்.

இந்த ஒப்பீடு எங்கே, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற குழப்பங்களும் தீரும். விற்கிற அம்மா தன்னுடைய கிளையில் கொடுத்த தாள் அந்த வங்கியைத் தாண்டிப் போவதே இல்லை. ஸ்கேனர் அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுக்கிறது. கீழ்விளிம்பில் காந்த மையில் அச்சிட்ட எண் வரிசையைப் படிக்கிறது. அந்தப் படமும் எண்களும்தான் மத்தியக் கிளியரிங் அமைப்புக்குப் போகின்றன. நீங்கள் பதிந்த விவரம் உங்கள் வங்கி வழியாக ஏற்கெனவே அங்கே காத்திருந்தால், இரண்டையும் அமைப்பு ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் உங்கள் வங்கிக்கும் அந்த அம்மாவின் வங்கிக்கும் அடையாளம் காட்டும். அதன்பிறகு ஏற்பதா, திருப்புவதா, உங்களுக்குத் தொலைபேசியில் கேட்பதா என்று முடிவெடுப்பது உங்கள் வங்கியின் ஊழியர். அவர் எதிரே இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு படம். தாளைத் தொட்டுப் பார்க்கவோ, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவோ வழியில்லை.

இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் வேலையில் இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்வேன். ஒரு மதியம் திரையில் ஒரு காசோலைப் படம் வந்தது. எங்கள் ஊர் மளிகை மொத்த வியாபாரி ஒருவருடைய கணக்கு. கையெழுத்து அவருடையதுதான் என்று சத்தியம் செய்யலாம் போல இருந்தது. பெறுகிறவர் பெயர் மட்டும் வடக்கத்திப் பெயராக இருந்ததால் ஒரு பேச்சுக்கு அவரை அழைத்துக் கேட்டேன். அவர் கடைக் கல்லாப்பெட்டியின் இழுப்பறையைத் திறந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அந்த எண் தாள் எழுதாமல் இங்கேயே இருக்கிறதே" என்றார். படத்தில் இருந்தது யாரோ அச்சடித்த போலி. கணக்கு எண், காசோலை எண், கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக. அன்று பெயர் உறுத்தியதால் தப்பித்தோம். 'கந்தசாமி' என்று இருந்திருந்தால் விட்டிருப்பேன். உண்மைத் தாளையே ரசாயனத்தில் கழுவி, கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டு, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு திருட்டுக்கும் பாசிட்டிவ் பே நேரான பூட்டு: எழுதியவரே என்ன எழுதினோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார், வருகிற படம் அதோடு ஒத்துப்போகவேண்டும். 2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சுற்றறிக்கையில் இரண்டு வரம்புகள் உண்டு. நம் ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் எழுதும் காசோலைகளுக்கு இந்த வசதியை வங்கி தரவேண்டும். பயன்படுத்துவதும் விடுவதும் கணக்கு வைத்திருப்பவர் விருப்பம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். கட்டாயமாக்கிய வங்கியில், உங்களைப் போல ஒன்பது லட்சத்துக்கு எழுதுகிறவர் பதியாவிட்டால், பணம் இருந்தாலும் காசோலை திரும்பும். உங்கள் 50,000 ரூபாய் அச்சாரக் காசோலை பதியாமலே ஏறியதும், 9,10,000 திரும்பியதும் இதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டு, 9,10,000 ரூபாயை 4,55,000 ரூபாய் வீதம் இரண்டு காசோலையாக எழுதித் தப்பித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றமில்லை, பல வங்கிகளில் அது போகவும் செய்யும். ஆனால் பாசிட்டிவ் பேயில் பதிந்து சரிபார்க்கப்பட்ட காசோலைகளை மட்டுமே கிளியரிங் அமைப்பின் தகராறு தீர்க்கும் முறைக்குள் எடுத்துக்கொள்வார்கள். மோசடி நடந்து வங்கிகளுக்குள் பொறுப்பு யாருடையது என்று வழக்காடும்போது, பதியாத காசோலைக்கு அந்த வாசல் மூடியிருக்கும். இரண்டு நிமிட வேலையை மிச்சப்படுத்த இரண்டு தாள்களைத் திறந்துபோடுவது எனக்கு நல்ல கணக்காகத் தெரியவில்லை.

இப்போது பெயர் விஷயம். நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலைவலி. நீங்கள் வேறு தமிழில் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் காசோலை எழுதுவதில் தவறே இல்லை. சிக்கல் செயலியில் இருக்கிறது: பல செயலிகளின் பெயர்ப் பெட்டி ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் வாங்கும். தாளில் 'கோ. சரோஜா' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயலியில் அதை ஆங்கிலத்தில் எப்படி அடிப்பீர்கள்? 'கோ' என்ற தலைப்பெழுத்துக்கு ஜி என்று ஓர் எழுத்துப் போடலாம். கணவர் பெயர் கோவிந்தசாமி என்று முழுதாக விரித்து எழுதலாம். தலைப்பெழுத்தை முன்னால் போடலாம், பின்னால் போடலாம். சரோஜாவின் கடைசி ஒலிக்கு ஓர் ஏ போடலாம், இரண்டு ஏ போடலாம். ஒருவருக்கே ஐந்தாறு பெயர்கள் வந்துவிடுகின்றன. எண்ணும் தொகையும் தேதியும் போலப் பெயரை இயந்திரம் கறாராக ஒப்பிட முடியாது. பெரும்பாலும் படத்தைப் பார்க்கும் ஊழியரின் கண்தான் தீர்மானிக்கிறது. அவர் மும்பையில் ஒரு மத்திய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் தமிழ் எழுத்து அவருக்குக் கோலமாகத்தான் தெரியும்.

ஆகவே பெரிய தொகைக்கு என்னுடைய வழக்கம் இது. பணம் வாங்குகிறவரிடம் அவருடைய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்குவேன். அதில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, புள்ளி உட்பட, அப்படியே காசோலையிலும் எழுதுவேன், அதையே செயலியிலும் அடிப்பேன். ஆதார் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கியில் ஒரு மாதிரியும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். தமிழ்ப்பற்றுக்கு இது இழுக்கு என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். தமிழில் 40,000 ரூபாய்க்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்; கிரயப் பணத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

எண்களில் இரண்டு இடங்களில் மட்டும் கால் வழுக்கும். காசோலை எண் என்பது கீழ்விளிம்பு வரிசையில் இடதுபக்கம் முதலில் இருக்கும் ஆறு இலக்கம். உங்களுடையது 000412 என்றால் முன்னால் உள்ள சுழியங்களையும் சேர்த்து அடிப்பது நல்லது. அதே வரிசையில் மூன்றாவதாக இன்னோர் ஆறு இலக்கம் இருக்கும். அதைக் கணக்கு எண் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். முழுக் கணக்கு எண் தாளின் நடுப்பகுதியில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். செயலியில் உங்கள் கணக்கு தானாகவே வந்துவிடும் என்பதால் இந்த ஆபத்து குறைவு. குறுஞ்செய்தி வழியாகவோ கிளையில் படிவம் நிரப்பியோ பதிகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது? காலையில் உங்கள் கிளைக்கு நேரில் போங்கள். முதலில் காசோலை எந்தக் காரணத்துக்காகத் திரும்பியது என்று கேளுங்கள். விற்கிற அம்மாவிடம் அவருடைய வங்கி கொடுத்த திரும்பல் சீட்டின் படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறுதிப்பாடு வராதது என்பதற்குப் பதிலாகக் கையெழுத்து வித்தியாசம் என்று அதில் இருந்தால் நான் இதுவரை சொன்ன கதையே மாறிவிடும். அடுத்து, 6-ஆம் தேதியிட்ட அந்தத் தவறான பதிவை ரத்து செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒருமுறை பதிந்ததை வாடிக்கையாளர் தானாகத் திருத்த முடியாதபடிதான் பல வங்கிகள் வைத்திருக்கின்றன; அதில் நியாயமும் இருக்கிறது, திருத்த முடிகிற பூட்டு பூட்டல்ல. தாளில் உள்ள 5-ஐ 6 என்று திருத்தி எழுதும் யோசனை மட்டும் வேண்டாம். அடித்தல் திருத்தல் உள்ள தாளைப் படத்தில் பார்த்தாலே ஊழியர் கை திருப்புகிற பக்கம்தான் போகும்.

என்னைக் கேட்டால், ரத்து ஆகுமா ஆகாதா என்று காத்திருக்காமல் புதுத் தாள் எழுதிவிடுவேன். இந்த முறை வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். தாளை முழுதாக எழுதி, கையெழுத்திட்டு, கிழிக்காமல் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு செயலியைத் திறங்கள். தாளைப் பார்த்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்புங்கள். தேதிப் பெட்டியில் தானாக வந்து நிற்பதை நம்பாதீர்கள். பதிவுச் செய்தி வந்தபிறகு அதையும் தாளையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அதன்பிறகு கிழித்துக் கொடுங்கள். பதிந்த விவரம் அமைப்புக்குப் போய்ச்சேரச் சில வங்கிகள் ஒரு வேலைநாள் முன்னதாகவே பதியச் சொல்கின்றன; உங்கள் வங்கியின் கணக்கு என்ன என்று கிளையிலேயே கேட்டுவிடுங்கள். திங்கள் காலையில் பதிந்து, செவ்வாய் காலை 10 மணிக்கு அந்த அம்மா தன் கிளையில் போட்டால், அன்று மாலைக்குள் விடை தெரிந்துவிடும். புதன்கிழமைக்கு இடைவெளி சரியாக இருக்கிறது, ஆனால் இன்னொரு தவறுக்கு இடமில்லை.

பழைய தாளைப் புதுத்தாள் கொடுக்கும்போதே கையோடு திரும்ப வாங்குங்கள். அது அவருடைய கிளையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றால் உங்கள் வங்கியில் அந்த எண்ணுக்குப் பணம் நிறுத்தக் கோரிக்கை கொடுத்துவிடுங்கள். பாசிட்டிவ் பேயில் பொருந்தாது, தானாகத் திரும்பிவிடும் என்று விடவேண்டாம். பொருந்தாத காசோலையை என்ன செய்வது என்பது வங்கியின் முடிவு. நிறுத்தச் சொல்வது உங்கள் உத்தரவு. 9,10,000 ரூபாய்க்கு இரண்டு தாள்கள் ஒரே சமயத்தில் ஊரில் உலாவ வேண்டாம்.

அந்த அம்மாவிடமும் ஒரு வார்த்தை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பணம் இல்லாமல் திரும்பிய காசோலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியாது. திரும்பல் கட்டணம் அவர் கணக்கில் பிடித்திருந்தால் அதை நீங்கள் கொடுத்துவிடுவது மரியாதை. அவர் கணக்கு எண்ணைக் கொடுக்கச் சம்மதித்தால் காசோலையே வேண்டாம். 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை என்பதால், கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பிவிடலாம், பாசிட்டிவ் பே என்ற பேச்சே அங்கே கிடையாது. வயதானவர்கள் சிலருக்குத் தாள் கையில் இருந்தால்தான் நிம்மதி, வற்புறுத்தாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் பத்திர எழுத்தரிடம் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். கிரயத் தொகை எந்தக் காசோலை மூலம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற வரி பத்திரத்தில் இருக்கும்; அவருடைய வரைவில் இந்நேரம் பழைய காசோலையின் எண் ஏறியிருக்கும்.